அம்மாவுக்கு வாஷிங் மெஷின்: யார் எவ்வளவு போடுவது, எதை வாங்குவது?

வாசகர் கடிதம்: நாங்கள் மூன்று பேர். அண்ணன் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறார். நான் திருப்பூரில் கணவருடன் இருக்கிறேன், சிறிய வருமானம். தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறான். மனைவி, குழந்தையோடு விருதுநகர் பக்கத்தில் உள்ள எங்கள் பெற்றோர் வீட்டிலேயே இருக்கிறான். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. பொங்கலுக்குச் சொல்லாமல் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தோம். அண்ணன் 9 கிலோ ஃப்ரண்ட் லோடு, 40,000 ரூபாய், தன் கார்டில் இஎம்ஐ போட்டுவிடுகிறேன், மூன்று பேரும் சமமாகக் கொடுங்கள் என்கிறார். தம்பி, "செமி போதும், 14,000 தான்" என்கிறான். அண்ணியோ, அதைப் பயன்படுத்தப் போவது தம்பி குடும்பம்தானே, அவர்கள்தான் கூடப் போட வேண்டும் என்கிறார். என்னிடம் காசு வாங்கினால் அப்பா கோபப்படுவார். பில் அண்ணன் பெயரில் இருந்தால் ரிப்பேர் வந்தால் அவர்தான் அலைய வேண்டுமா? எங்களுடையது ஓட்டு வீடு இல்லை, ஒரே தளம், கான்கிரீட். மாடியில் தொட்டி, போர் தண்ணீர்.

பதில்: நான் பத்தொன்பது வருடமாக நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன். வாஷிங் மெஷின் வழக்குகளில் பாதிக்கு மேல் இயந்திரத்தின் குறையால் வருவதில்லை. அந்த வீட்டுக்குப் பொருந்தாத இயந்திரத்தை வாங்கியதால் வருகிறவை. அதனால் உங்கள் கேள்வியின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். யார் எவ்வளவு என்பதைக் கடைசியில் பார்ப்போம். எது என்பது தெரியாமல் எவ்வளவு என்று பேசினால் மூன்று பேரும் மூன்று வேறு இயந்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். இப்போது நடப்பதும் அதுதான்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு நாங்கள் நால்வரும் சேர்ந்து ஒரு ஃப்ரண்ட் லோடு வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் மாதம் போனபோது அதன் மேல் வத்தல் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. பின்கட்டில் துவைகல் ஈரமாக இருந்தது. கேட்டால், "நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் பழக்கமில்லை" என்றார். ஒரு வாரம் கழித்துத்தான் உண்மை வந்தது. கதவு பூட்டிக்கொண்ட பிறகு கைக்குட்டை ஒன்று கீழே கிடந்தால்கூடச் சேர்க்க முடியவில்லை. குனிந்து எடுப்பதற்கு இடுப்பு விடவில்லை. பிள்ளைகள் காசு வீணாயிற்றே என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே "சொல்லாமல் கொடுப்பது" என்ற யோசனையை முதலில் கைவிடுங்கள். சேலையைச் சொல்லாமல் வாங்கலாம். தினம் குனிந்து நிமிர்ந்து பயன்படுத்தும் பொருளை அவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தம்பியிடம் ஒரு வேலை கொடுங்கள். இயந்திரம் வைக்கப் போகும் இடத்தில் இருக்கும் குழாயைத் திறந்து, 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கட்டும். தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழ் இருக்கும்போது ஒருமுறை, நிறைந்திருக்கும்போது ஒருமுறை. ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் நல்லது. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஃப்ரண்ட் லோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

காரணம் எளியது. தண்ணீரின் அழுத்தம் உயரத்தால் வருவது. தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு தளம் மட்டுமே உள்ள வீட்டில், மொட்டைமாடியில் தரையோடு தரையாகத் தொட்டி வைத்திருந்தால், கீழே இருக்கும் குழாய்க்கு 3 மீட்டர் உயரம் கிடைப்பதே அதிகம். அதாவது 0.3 பார் சொச்சம். ஃப்ரண்ட் லோடு இயந்திரங்களின் கையேட்டைப் புரட்டினால், குறைந்தபட்ச அழுத்தம் சிலவற்றில் அரை பார் என்றும் சிலவற்றில் 1 பார் என்றும் போட்டிருக்கும். அழுத்தம் போதாவிட்டால் இயந்திரம் கெட்டுப்போகாது. தண்ணீருக்காகக் காத்திருக்கும், பிறகு பீப் பீப் என்று கத்தி ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டும். கதவு பூட்டியபடியே இருக்கும், உள்ளே சோப்பு நுரையில் துணி. சர்வீஸ் ஆள் வருவார், தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சல்லடையைச் சுத்தம் செய்வார், "பிரஷர் இல்லைங்க, பம்ப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் சொல்ல விரும்புவது இதன் சட்டப் பக்கம். கையேட்டில் அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்று எழுதியிருக்கும்போது, "மெஷின் ஓடவில்லை" என்று நீங்கள் போடும் வழக்கு மிகவும் பலவீனமானது. விற்பனையாளர் வாங்கும்போது வாயால் "எல்லாத் தண்ணிக்கும் ஓடும்" என்று சொன்னதை எப்படி நிரூபிப்பீர்கள்?

இரண்டாவது, உப்பு. உங்கள் ஊர்ப் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானதா என்பதை அறிய ஆய்வகம் வேண்டாம். சுடுதண்ணீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைத் தோல் படிந்திருக்கிறதா, குழாய் வாயில் வெள்ளைக் காரை கட்டியிருக்கிறதா, சோப்பு எளிதில் நுரைக்காமல் தயிர்போல் திரிகிறதா என்று பாருங்கள். இருந்தால், சுடுநீர் வைத்துத் துவைக்கும் வசதியுள்ள இயந்திரத்தில் முதலில் அடிபடுவது அந்த ஹீட்டர்தான். அதன் மேல் சுண்ணாம்புப் படலம் ஏறி, சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கி, ஒரு நாள் ஹீட்டர் போய்விடும். கடின நீரால் வந்த பழுது என்று சர்வீஸ் அறிக்கையில் எழுதிவிட்டால் வாரண்டி கிடைப்பது கடினம். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவையா என்பதையும் அண்ணனிடம் கேளுங்கள். குழந்தையின் துணிக்குச் சுடுநீர் வேண்டுமென்றால் அடுப்பில் வைத்து ஊற்றிக்கொள்ளலாம்.

ஹீட்டர் உள்ளது சுமார் 2,000 வாட் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். ஹீட்டர் இல்லாததற்கும் எர்த்திங் கட்டாயம் வேண்டும். பழைய வீடுகளில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை சும்மா அலங்காரமாக இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. ஈரக் கையோடு மெஷினின் உலோக உடலைத் தொட்டால் சுர்ரென்று ஏறுகிறதென்றால் அதுதான். எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினை வீட்டுக்குள் விட வேண்டும்.

மூன்றில் எது?

தம்பி சொல்லும் செமியில் ஒரு நன்மை உண்டு. வாளியால் ஊற்றினாலும் ஓடும், அழுத்தமே வேண்டாம். ஒருமுறை விட்ட சோப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணி, பிறகு வண்டிக்காரன் சட்டை என்று அடுத்தடுத்துப் போடலாம். ஆனால் துவைத்த துணியை ஒரு தொட்டியிலிருந்து கையால் அள்ளிப் பிழியும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். உலர்ந்தபோது ஒரு கிலோ இருக்கும் போர்வை தண்ணீர் குடித்த பிறகு மூன்று கிலோவுக்கு ஏறும். அதை நின்றபடி தூக்கி மாற்றுவது முழங்கால் வலிக்காரருக்கு நல்லதல்ல. அந்த வேலை தம்பி மனைவி தலையில்தான் விழும். வீட்டில் எல்லோரும் அவரை மறந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்திலும் ஒரு வரிதான் வருகிறார்.

அண்ணன் சொல்லும் 9 கிலோ ஃப்ரண்ட் லோடு தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். டாப் லோடு ஒரு முழுச் சலவைக்கு நூறு லிட்டருக்கு மேல் எடுக்கும்போது, அது அதில் பாதியளவில் முடித்துவிடும். லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால் அதையே பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் அழுத்தமும் உப்பும் அதற்கு எதிராக நிற்கின்றன. குனிந்து எடுக்கவும் வேண்டும். அடியில் ஸ்டாண்டு போட்டு உயர்த்தலாம், ஆனால் வேகமாகச் சுற்றும்போது அது சமமாக நிற்காவிட்டால் மெஷின் நடந்து போய்விடும்.

அப்படியானால் மிச்சம், ஹீட்டர் இல்லாத முழு ஆட்டோமேட்டிக் டாப் லோடு. நின்றபடி போடலாம், எடுக்கலாம், நடுவில் நிறுத்தி ஒரு துணியைச் சேர்க்கலாம். குறைந்த அழுத்தத்துக்கு ஃப்ரண்ட் லோடைவிட ஈடு கொடுக்கும். ஆனால் அழுத்தம் அறவே இல்லையென்றால் இதுவும் தவிக்கும். வாளிச் சோதனையில் மூன்று, நான்கு நிமிடம் ஆகிறதென்றால் தொட்டியை ஒரு மேடை கட்டி ஏற்றுவதா, அல்லது தம்பி சொல்வதுபோல் செமியே போதுமா என்று யோசியுங்கள். அப்போது நான் அவர் பக்கம்.

எத்தனை கிலோ? அந்த எண் உலர்ந்த துணியின் எடை. அந்த வீட்டின் இரண்டு நாள் துணியைக் கூட்டிப் பாருங்கள். அம்மாவின் இரண்டு சேலை, ரவிக்கை, பாவாடை சேர்த்து ஒன்றரை கிலோ சொச்சம். தம்பி மனைவியின் நைட்டியும் சுடிதாரும் ஒரு கிலோ. அப்பா, தம்பி இருவரின் வேட்டி, லுங்கி, சட்டை, உள்ளாடை இரண்டரை கிலோவுக்குள். குழந்தைக்கு அரை கிலோ, துண்டுகள் முக்கால் கிலோ. ஆறு, ஆறேகால் கிலோ வருகிறது. டிரம்மில் கொஞ்சம் இடம் விட்டால்தான் துணி சுழன்று அழுக்குப் போகும் என்பதால், ஒன்று விட்டு ஒரு நாள் துவைக்க 7 அல்லது ஏழரை கிலோ போதும். போர்வை, விரிப்புகளைத் தனிநாளில் போடட்டும். தீபாவளிக்கு எல்லோரும் வந்து குவிக்கும் துணிக்காக 9 கிலோ வாங்குவது, மாமியார் வருகிறார் என்று பெரிய வீடு கட்டுவது மாதிரி. கிலோ ஏற ஏற டிரம்மின் ஆழமும் ஏறும் என்பதையும் கவனியுங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பணம்

இப்போது பங்கீடு. உங்கள் மூவருக்கும் இடையே உள்ள தவறான எண்ணம், சமம் என்றால் நியாயம் என்பது. 40,000-ஐ மூன்றால் வகுத்தால் தலைக்கு 13,300 சொச்சம். அது அண்ணனுக்கு ஒரு மாதச் செலவில் ஒரு வரி, தம்பிக்கு அரை மாத வாழ்வாதாரம். தவிர, கடை விலை மட்டும் செலவு ஆகாது. குழாய் மாற்றுவது, கழிவு நீர் போக வழி செய்வது, எர்த்திங்கோடு பிளக் பாயிண்ட், மாதந்தோறும் உப்பு எடுக்கும் பவுடர், வாரண்டி முடிந்த பின் வரும் பழுது, சர்வீஸ் ஆளுக்காக வேலையை விட்டு வீட்டில் காத்திருப்பது. கடைசி இரண்டும் யார் மேல் விழும்? தம்பி மேல். அவர் காசில் குறைவாகப் போட்டாலும் அடுத்த எட்டு வருடம் நேரமாகப் போட்டுக்கொண்டே இருப்பார்.

அண்ணியின் வாதத்துக்கும் இங்கேதான் பதில். பயன்படுத்துகிறவர் கூடக் கொடுக்கட்டும் என்றால், அம்மா அப்பாவின் துணியை இத்தனை நாள் கையால் துவைத்துக் கொடுத்த தம்பி மனைவிக்கு நீங்கள் மூவரும் கூலி பாக்கி வைத்திருக்கிறீர்கள். இதை அண்ணியிடம் இப்படியே சொல்லாதீர்கள், குடும்பம் இரண்டாகும். அண்ணன் வாயால், அவருக்கு எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லச் சொல்லுங்கள்.

என் யோசனை இது. கணக்குக்காக மெஷின் விலை 20,000 என்று வைத்துக்கொள்வோம், வைக்கும் இடத்தைச் சரிசெய்ய 3,000. அந்த 3,000-ஐத் தம்பி நேரடியாக பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுத்துவிடட்டும். அதுதான் அவர் பங்கு. அவரிடம் யாரும் காசு "வசூலிக்க" வேண்டியதில்லை, அவர் யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை. மெஷின் விலையில் அண்ணன் 13,000, நீங்கள் 7,000. உங்களால் 5,000 தான் முடியும் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், அண்ணன் தூக்கிக்கொள்வார். 7,000 என்று ஒப்புக்கொண்டு, பிறகு மாதம் 500 ஆகத் தருகிறேன் என்பதுதான் உறவில் விழும் கீறல். வாரண்டிக்குப் பிறகு வரும் பழுதுச் செலவை நீங்களும் அண்ணனும் பாதிப் பாதி, தம்பிக்கு அதில் பங்கில்லை என்பதை இப்போதே பேசிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டு வையுங்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்தா என்று கேட்பார்கள். எழுதாமல் விட்டதற்காக என்னிடம் வந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

இஎம்ஐ வேண்டாம் என்பது என் கருத்து. "நோ காஸ்ட்" என்பதில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், வங்கியின் செயலாக்கக் கட்டணமும் அண்ணன் கார்டில் ஏறும். உடனே பணம் கொடுத்தால் கடைக்காரர் தரும் தள்ளுபடியும் போகும். தொகை பெரிதல்ல. ஆனால் மாதாமாதம் அண்ணன் உங்களுக்கு நினைவூட்டும் செய்தி அனுப்ப வேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம். மூன்று பேரும் ஒரே தடவையில் போடக்கூடிய தொகைக்குள் மெஷினை வாங்குங்கள்.

அப்பாவின் கோபத்தைப் பற்றி: கட்டிக் கொடுத்த பெண்ணிடம் வாங்கக் கூடாது என்பது அவர் காலத்து மனம். நீங்கள் அவர் கையில் கொடுக்கப் போவதில்லை, அண்ணனிடம் கொடுக்கிறீர்கள். பெற்றோரைப் பராமரிக்கும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம்கூட மகனையும் மகளையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் இதை அப்பாவிடம் சட்டம் பேசிச் சொல்லாதீர்கள்.

பில், வாரண்டி, புகார்

பில் அண்ணன் பெயரில் இருந்தாலும் அவர் அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஆக அம்மாவோ அப்பாவோ புகார் கொடுக்கலாம், தாங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், சென்னைக்கு வர வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

இருந்தாலும் நடைமுறையில் வசதி என்பதால் பில்லில் அப்பா பெயரையும் தம்பியின் போன் எண்ணையும் போடச் சொல்லுங்கள். மெஷினின் சீரியல் எண் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு அது பெற்றோருடையது, அதையும் தெரிந்து வையுங்கள். கையில் கொடுத்தாலே அசையும் பொருளின் தானம் முடிந்துவிடும், பத்திரம் வேண்டாம். நாளைக்குச் சண்டை வந்து "என் பங்கைத் திருப்பிக் கொடு" என்று யாரும் கேட்க முடியாது.

கடையில் "10 வருட வாரண்டி" என்று பெரிதாக ஒட்டியிருப்பார்கள். அது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். வீட்டு மின்சாரம் ஏறி இறங்கும்போது முதலில் போவது எலெக்ட்ரானிக் போர்டு, அதற்கு முழு இயந்திர வாரண்டிக் காலம் மட்டும்தான் பாதுகாப்பு. அது எத்தனை வருடம் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். சென்னையில் ஆன்லைனில் வாங்கி அனுப்புவதைவிட ஊர்க் கடையிலேயே வாங்குவதை நான் விரும்புவேன், விலை ஆயிரம் கூடினாலும். வாங்கும் முன் தம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு ரிப்பேர் கடையில் விசாரிக்கட்டும்: எந்தக் கம்பெனி சர்வீஸ் ஆள் இந்த ஊருக்கு வருகிறார், எதற்கு மதுரையிலிருந்து வர வேண்டியிருக்கிறது? அந்தப் பதிலுக்கு எந்த விளம்பரத்தையும்விட மதிப்பு அதிகம்.

கடைசியாக அந்த ஆழம். கடைக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். ஒரு துண்டை டிரம்மின் அடியில் போட்டு, அதை எடுக்கச் சொல்லுங்கள். குதிகாலைத் தூக்காமல், வயிற்றை மெஷின் விளிம்பில் அழுத்தாமல், ஒரே கையால் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த சின்ன மாடலுக்குப் போங்கள், அதே சோதனை. தம்பி மனைவியையும் எடுக்கச் சொல்லுங்கள், அவர்தான் தினமும் எடுக்கப் போகிறவர். அப்போது அண்ணன் வீடியோ காலில் இருந்தால் இன்னும் நல்லது, 9 கிலோ வாதம் அங்கேயே முடிந்துவிடும்.